எந்தக் களி?

மாசி பாதி கடந்திருந்தது. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் வழியில் உள்ள அந்த ஊரில் எல்லாத் திண்ணையிலும் புளி. முனியப்பன் குத்தகைக்கு எடுத்த ஆறு மரங்களில் நான்கு முடிந்து, ஐந்தாவது மரத்தின் பாதிக் கிளைகளும் முடிந்திருந்தன. கீழே இரண்டு தார்ப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்று ஒரு முழம் ஏறும்படி விரித்திருந்தார்கள். அப்படி விரிக்காவிட்டால் இடுக்கில் விழுகிற பழம் மண்ணோடு சேர்ந்துவிடும். மண் ஒட்டிய புளியை மண்டியில் தனியாக ஒதுக்கி விலையைக் குறைப்பார்கள்.

பதினொரு மணிக்குக் கையிலிருந்த மூங்கில் கணுவில் பிளந்துகொண்டது. முனியப்பன் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு கவட்டையில் உட்கார்ந்திருந்தார். புளியங்கிளையைக் கழியால் அடிக்கக் கூடாது. அடித்தால் துளிர் உதிர்ந்து அடுத்த வருஷக் காய்ப்பு கெடும். கொக்கி மாட்டி இழுத்து உலுக்க வேண்டும். அதற்குக் கொக்கி கட்டிய இன்னொரு கழி வீட்டில் இருந்தது. மாட்டுக் கொட்டகை மூலையில்.

"மாது! ஓடிப் போய்க் களி கொண்டாடா! மூலையில இருக்குது பாரு!"

மாதேஷுக்கு ஆறு வயசு. இரண்டாம் வகுப்பு. ஓடினான். வீட்டில் சமையல்கட்டு மூலையில் களிப்பானை இருந்தது. மரத்தில் ஏறி நாலு மணி நேரம் ஆனவருக்குப் பசிக்கும் என்று ஆறு வயசுக்கும் தெரியும். ஈயத் தட்டில் ஒரு உருண்டை வைத்தான். அதன் நடுவில் குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றினான். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக நடந்து வந்தான்.

தார்ப்பாயில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மேலே இருந்தவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. மூன்று மணிக்கு வியாபாரியின் வண்டி வரும்.

"என்னடா இது?"

"களி."

அது களிதான். ஆயா காலையில் கிண்டியது. அந்த வீட்டில் களிக்குக் கணக்கு உண்டு. ஒரு பங்கு கேழ்வரகு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி நொய். முதலில் நொய் குழைய வேகணும். அப்புறம் மாவை நடுவில் மலைபோலக் குவித்து, கோலால் ஒரு துளை போட்டு, மூடி, அனலை அடக்கி விட்டுவிடணும். மாவு போட்ட கையோடு கிண்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். பானையைக் கவைக்கோலால் அழுத்திக்கொண்டு கிண்டி முடித்ததும் ஈரக் கையால் தொட்டுப் பார்ப்பாள் ஆயா. ஒட்டாவிட்டால் வெந்தது. அப்படி வெந்த களியை மாது ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்திருந்தான். அவனைத் திட்டுவதற்கு யாருக்கும் வாய் வரவில்லை, ஆயாவைத் தவிர.

"காது கீது அடைச்சிருக்குதாடா உனக்கு?"

அந்த வாரமே இரண்டாவது தடவை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போயிருந்த அம்மா ராத்திரி போனில் கேட்டாள்.

"பாடம் பாத்தியா, சாமி?"

"பாத்தேம்மா. முழுசும் பாத்தேன். கடைசியில வில்லன் மலையிலேர்ந்து விழுந்து செத்துட்டான்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. போனை வாங்கிய ஆயா, "இவனுக்குக் காது மந்தமாயிடுச்சிடீ, நாளைக்கு நல்லெண்ணெய காய்ச்சி ஊத்தறேன்" என்றாள். "எண்ணெய் கிண்ணெய் ஊத்திடாத அத்த! டீச்சர்கிட்ட முதல்ல கேளு" என்று அங்கிருந்து குரல் வந்தது.

டீச்சர் அவனைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மற்றப் பிள்ளைகள் வெளியே போனபின், சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஆறடி பின்னால் நின்று ஊர்ப் பெயர்களைக் கிசுகிசுத்தார். திருப்பிச் சொன்னான். வலது காதைப் பொத்தச் சொல்லி மறுபடி, இடது காதைப் பொத்தச் சொல்லி மறுபடி. எதுவும் தவறவில்லை.

"எண்ணெய் வேணாம்னு ஆயாகிட்ட சொல்லு."

பிறகு நோட்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. ஒரு ஜோடிக்குப் பத்துத் தடவை. முன்பின் மாற்றி மாற்றி, பையன் ஒழுங்கைப் பிடித்துவிடாதபடி.

புலி, புளி: பத்துக்குப் பத்து. எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஜோடி இதுதான், ஆனால் இவனிடம் அது குழம்பவே இல்லை. குழம்பவும் வழியில்லை. பாதி ஊர்ப்பெயர்கள் 'அள்ளி'யில் முடிகிற வட்டாரம் அது. ளகரத்தை யாரும் விடுவதில்லை.

மலை, மழை: பத்து. வீட்டில் 'மளை' என்றுதான் சொல்வார்கள், இருந்தாலும் 'மலை'யிலிருந்து அது விலகித்தானே நிற்கிறது.

கொல்லை, கொள்ளை: பத்து. படம், பாடம்: பத்து. அப்படியானால் அன்றைக்குக் கெட்டது போன். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் நெடிலின் வால் அறுந்து குறிலாகிவிடும்.

களி, கழி: ஐந்து.

டீச்சர் இன்னொரு பத்து சொன்னார். நாலு. இளை, இழை கேட்டார். ஆறு. பத்துக்கு ஐந்து என்பது காசைச் சுண்டிப் போட்டாலும் வரும். இங்கே பையன் கேட்கவில்லை, ஊகிக்கிறான்.

"வீட்ல வாழைப்பழத்த என்னான்னு சொல்வாங்க?"

"வாளப்பளம்."

"கழிய?"

"களி."

"களிய?"

மாது அவரை விநோதமாகப் பார்த்தான். "களி."

அப்பா மரத்திலிருந்து கத்தியதும் 'களி'தான். அவன் தப்பாகக் கேட்கவில்லை. சொன்னதைச் சரியாகக் கேட்டிருந்தான். ழகரம் அந்த வீட்டு வாய்களில் இல்லை, அதனால் அவன் காது அதைப் பிரித்து வைக்க ஒருநாளும் தேவைப்படவில்லை. எழுத்தில் இரண்டாக இருப்பது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான், அதுவும் கணக்கு நோட்டில் 'ஏழில் மூன்றைக் கழி' என்று வரும்போது. அதற்கும் களிக்கும் என்ன உறவு என்று அவன் யோசித்திருக்கலாம், கேட்டதில்லை.

அன்றிலிருந்து பகல் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிஷம்.

"'ள்' சொல்லிட்டே நிறுத்து. நாக்கு எங்க இருக்குது?"

"மேல."

"மேல ஒட்டியிருக்குதா?"

"ஒட்டியிருக்குது."

"அப்படியே வெச்சிக்கிட்டு மூச்ச உள்ள இழு. எங்க சில்லுனு இருக்குது?"

இழுத்தான். இரண்டு கன்னத்துப் பக்கமும் விரலால் தொட்டுக் காட்டினான்.

"இப்ப நாக்க அதே மாதிரி மடக்கு. ஆனா மேல படக் கூடாது. ஒரு நூல் போற அளவு சந்து விடு. சத்தம் கொடு. அதான் 'ழ்'. இப்ப மூச்ச இழு."

சில்லென்று நாக்கின் நடுவே போயிற்று. மாது வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றான். மறுபடி இழுத்தான். மறுபடி.

முதல் இரண்டு நாள் நாக்கு போய் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவசரப்பட்டால் ஒட்டும், தலையை நிமிர்த்தினாலும் ஒட்டும். மூன்றாம் நாள் அளவுக்கு மீறி இறக்கி 'கயி' என்றான். "அப்படிச் சொல்ற ஊரும் இருக்குது, நமக்கு வேணாம்" என்றார் டீச்சர். வாய்க்கு வந்தபின் காதுக்கு வந்தது. ஏழாம் நாள் களி கழியில் ஏழு. பன்னிரண்டாம் நாள் ஒன்பது.

அதற்குள் ஆறாவது மரமும் முடிந்து, மூன்று நாள் காய்ந்த பழத்தைத் திண்ணையில் போட்டு ஓடு தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஓடும் நாரும் போன பின் கொட்டை. நூறு கிலோ பழத்தில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோ சதை நிற்கும்; மூன்றில் ஒரு பங்கு கொட்டை. அதையும் வாங்க ஆள் வரும். ஆயா கல்லில் வைத்துச் சின்ன இரும்பால் ஒரே தட்டு தட்டுவாள். ஓங்கி அடித்தால் கொட்டை உடைந்து சதையில் தூளாக ஒட்டும்.

ஒரு கோழி வந்து காய்கிற சதையில் கால் வைத்தது.

"மாது, களி எடுத்தாடா!"

மாது எழுந்தான். வாசலில் நின்றான். டீச்சர் வாயிலிருந்து வந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆயாவின் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தது. எவ்வளவு கூர்மையாகக் கேட்டாலும் இல்லாததைக் கேட்க முடியாது.

"எந்தக் களி, ஆயா?"

"எந்தக் களியா?"

"நாக்கு ஒட்டற களியா, ஒட்டாத களியா?"

"வெந்த களி எங்கடா ஒட்டும்?" என்றாள் ஆயா. கோழி இன்னொரு காலையும் வைத்தது.

"தொரத்தற களிடா! தின்ற களி இல்ல, தொரத்தற களி!"

அதன்பின் அந்த வீட்டில் 'தின்ற களி' என்றும் 'தொரத்தற களி' என்றும் இரண்டு களிகள் இருந்தன. மாது ஆயாவுக்கு மூச்சு இழுக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தான். ஆயாவுக்கு முன்பல் நாலு இல்லை. எப்படி வைத்து இழுத்தாலும் எங்குமே சில்லென்றுதான் இருந்தது.

பங்குனியில் சொல்வதெழுதல் வைத்தார்கள். பத்துச் சொல். மாது ஒன்பது வாங்கினான். ஏழாவது சொல்லில் சிவப்புச் சுழி. டீச்சர் படித்தது 'அரை'. அவன் எழுதியிருந்தது 'அறை'.

நோட்டோடு மேஜைக்கு வந்தான்.

"டீச்சர், இந்த ரெண்டையும் சொல்லுங்க."

சொன்னார்.

"நோட்ட வெச்சிக்கிட்டுச் சொல்லுங்க. மாத்தி மாத்தி."

டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் 'அரை', 'அறை' என்று மாற்றி மாற்றிப் பத்து எழுதி, அதை அவனுக்குத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நோட்டை வாய்க்கு முன்னால் பிடித்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது சொல்லிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. நாகர்கோவில் பக்கத்தில் பேசுகிறவர்கள் றகரத்தை இன்னும் தனியாகச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் நாக்கு தருமபுரி நாக்கு.

மாது சொன்ன பதில்களைத் தாளோடு ஒத்துப் பார்த்தார்.

"எவ்வளவு, டீச்சர்?"

"அஞ்சு."

சிவப்புச் சுழியை அடித்து, பத்து என்று போட்டார்.

மறுவாரம் சொல்வதெழுதலில் அதே சொல் மறுபடி வந்தபோது டீச்சர் ஒரு கணம் நிறுத்தினார்.

"அரை," என்றார். "அரை லிட்டர் அரை."

பின் பெஞ்சில் இருந்தவன் 'அரைலிட்டரரை' என்று எழுதினான்.