பேட்டரி விலை பற்றி டீச்சருக்கு

வணக்கம் டீச்சர். நான் சொன்ன இன்வெர்ட்டர் பேட்டரி ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மாடல் நம்பரையும் சரிபார்த்துவிட்டேன். நான் சொன்ன அதே 150 ஏஹெச் டால் டியூபுலர்தான், வேறு சரக்கு இல்லை. வாரண்டியும் அதேதான்: முதல் 36 மாதம் பழுதானால் புதுசு தருவார்கள், அடுத்த 24 மாதத்தில் பழுதானால் புதுசைத் தள்ளுபடி விலையில் தருவார்கள். இரண்டும் கம்பெனி கொடுப்பது, கடைக்குக் கடை மாறாது. அதனால் "ஆன்லைனில் வருவது டூப்ளிகேட்" என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

விலையை மட்டும் ஒரு தடவை சேர்ந்து பார்ப்போம். படத்தில் பெரிதாகத் தெரியும் 14,150 குறிப்பிட்ட ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கான விலை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. அந்தக் கார்டு உங்களிடம் இல்லையென்றால் 14,900. நான் சொன்னது 16,400. ஆக உண்மையான வித்தியாசம் 1,500 ரூபாய். பழைய பேட்டரிக்கு நான் கழிக்கும் 2,600-ஐ இதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் நீங்கள் ஆன்லைனில் வாங்கினாலும் அதை என்னிடம் கொடுத்து அதே பணத்தை வாங்கிக்கொள்ளலாம். காயலான் கடைக்கு மட்டும் போட வேண்டாம். சில இடங்களில் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஆசிட்டோடு அப்படியே கம்பெனிக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

அந்த 1,500-க்கு நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், முதலில் தூக்கும் வேலை. ஆசிட் நிரம்பிய இந்த பேட்டரி 55 கிலோவுக்கு மேல் இருக்கும். உங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஆன்லைன் டெலிவரி பெரும்பாலும் வாசலோடு சரி. எங்கள் கடைப் பையன்கள் மேலே கொண்டுவந்து வைத்து, பழைய டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையைச் சுத்தம் செய்து, கிளாம்ப் மாட்டி, வாசலின் தடவி, ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லையும் பார்த்த பிறகுதான் கிளம்புவார்கள். போன தடவை உங்கள் இன்வெர்ட்டரில் சார்ஜிங் சுவிட்ச் சாதா பேட்டரிக்கான இடத்திலேயே இருந்தது, நினைவிருக்கிறதா? பழைய பேட்டரி சீக்கிரம் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதையும் மாற்றி வைத்துவிடுகிறேன்.

அடுத்தது, எனக்கு முக்கியமாகப் படுவது. வாரண்டி காலத்துக்குள் ஒரு செல் போனால் கம்பெனி உடனே புதுசு தராது. எடுத்துக்கொண்டு போய் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, லோடு கொடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். ஆன்லைனில் வாங்கினாலும் கம்பெனி நம்பருக்குப் பேசினால் ஆள் வருவார், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் வீட்டில் பேட்டரி இருக்காது. நம்மிடம் வாங்கியவர்களுக்கு அதுவரை ஒரு ஸ்டாண்ட்பை பேட்டரி மாட்டித் தருகிறோம். உங்கள் மாமனார் ராத்திரி நெபுலைசர் வைக்கிறார் என்பதால்தான் இதை இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

14,900-க்கு என்னால் தர முடியாது டீச்சர், என் கொள்முதலே அதை ஒட்டித்தான் வருகிறது. 15,700 வரை இறங்குகிறேன். மாட்டித் தரும் கூலி, மாடி ஏற்றும் கூலி, முதல் வருடம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பழைய பேட்டரி 2,600 போக, கையில் 13,100 கொடுத்தால் போதும். ஜிஎஸ்டி பில் உங்கள் பெயரில், பேட்டரியின் சீரியல் நம்பரோடு வரும்.

ஆன்லைனில்தான் வாங்குவதாக முடிவு செய்தால் அதிலும் எனக்கு வருத்தமில்லை. பெட்டி வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். பேட்டரி மேல் அச்சிட்ட தயாரிப்பு மாதம் பழையதாக இருக்கக் கூடாது. பல மாதம் சார்ஜ் இல்லாமல் குடோனில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்துவிடும், பிறகு முழு பேக்கப் வராது. ஓரங்களில் விரிசலோ ஆசிட் கசிந்த ஈரமோ இருந்தால் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே கம்பெனியில் வாரண்டியைப் பதிவு செய்துவிடுங்கள். மாட்டித் தர ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், 400 ரூபாய் கூலி, மாடி ஏற்றுவது தனி.

வியாழக்கிழமை உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. புதன் மதியத்துக்குள் சொன்னீர்கள் என்றால், அன்று சாயங்காலமே மாட்டி ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற விட்டுவிடலாம். சரக்கு கடையில் இருக்கிறது, போன மாதத் தயாரிப்பு. நேரில் வந்து தேதியைப் பார்த்துவிட்டும் முடிவு சொல்லலாம்.