மொழிபெயர்ப்புக் கட்டண பில்

பில் எண்: 2025-26 / 14
தேதி: 17.10.2025

அனுப்புபவர்: பூங்கோதை, மொழிபெயர்ப்பாளர் (ஆங்கிலம் – தமிழ்), திண்டுக்கல்
பெறுபவர்: திரு. செந்தில்குமார், உரிமையாளர், பம்ப்செட் தயாரிப்புப் பட்டறை, கணபதி, கோயம்புத்தூர்

வேலை: சமர்சிபிள் பம்ப் தொடர்பான ஆவணங்கள், 3.10.2025 முதல் 16.10.2025 வரை

| வ. எண் | விவரம் | சொற்கள் | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| 1அ | பயனர் கையேடு, ஆங்கிலம் – தமிழ் | 3,440 | 2.25 | 7,740.00 |
| 1ஆ | அதே கையேட்டில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் | 420 | 1.00 | 420.00 |
| 2அ | வாரண்டி கார்டு, ஆங்கிலம் – தமிழ் | 640 | 2.25 | 1,440.00 |
| 2ஆ | வாரண்டி கார்டுக்கு அவசரக் கட்டணம், 50% | – | – | 720.00 |
| 3 | எச்சரிக்கை ஸ்டிக்கர், ஆங்கிலம் – தமிழ் | 38 | குறைந்தபட்சக் கட்டணம் | 500.00 |
| 4 | டீலர்களின் கடிதங்கள் 3, தமிழ் – ஆங்கிலம் | 596 | 2.25 | 1,341.00 |
| | மொத்தம் | | | 12,161.00 |
| | கழிவு: 3.10.2025 அன்று பெற்ற முன்பணம் | | | 4,000.00 |
| | தர வேண்டிய பாக்கி | | | 8,161.00 |

ரூபாய் எட்டாயிரத்து நூற்று அறுபத்தொன்று மட்டும்.

கணக்கு விளக்கம்

வரிசை 1: எண்ணியது ஆங்கில மூலத்தின் சொற்களை. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் எண்ணிக்கை குறையும். 3,860 சொல் இருந்த உங்கள் கையேடு தமிழில் 2,700 சொல் அளவில்தான் வந்திருக்கிறது. தமிழ்ப் பிரதியை எண்ணிப் பார்த்துவிட்டு "கணக்கு இடிக்கிறதே" என்று போன முறை போல் குழம்ப வேண்டாம். மூலக் கோப்பை வேர்டில் திறந்தால் இதே எண்ணிக்கை வரும். "மெயின் சுவிட்சை அணைத்த பிறகே மூடியைத் திறக்கவும்" போன்ற வாக்கியங்கள் ஒவ்வொரு பகுதியிலும் வருகின்றன. அவற்றுக்கு முதல் முறை மட்டும் முழு விலை, அடுத்தடுத்த முறைகளுக்கு 1 ரூபாய்.

வரிசை 2: வாரண்டி கார்டு 10.10.2025 வெள்ளி இரவு 7.40-க்கு வந்தது. அச்சகத்துக்குச் சனிக்கிழமை காலை 9 மணிக்குள் வேண்டும் என்றீர்கள், 8.30-க்கு அனுப்பினேன். மாலை 6 மணிக்கு மேல் கொடுத்து மறுநாள் காலையில் கேட்கும் வேலைக்கு 50% கூடுதல் என்று தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் சொன்னேன், நீங்களும் சரி என்று பதில் போட்டீர்கள். கையேட்டுக்குப் போதுமான நாள் இருந்ததால் அதில் இந்தக் கட்டணம் சேரவில்லை.

வரிசை 3: 38 சொல்லை 2.25 ஆல் பெருக்கினால் ரூ. 85.50 தான் வரும். ஆனால் தனியாக வரும் எந்தச் சின்ன வேலைக்கும் குறைந்தபட்சம் ரூ. 500. ஸ்டிக்கரில் இடம் குறைவு, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், விவசாயி தோட்டத்தில் நின்றபடி ஒரே பார்வையில் படிக்க வேண்டும். "தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்" என்ற ஒரு வரிக்கே ஐந்தாறு வடிவம் எழுதிப் பார்த்தேன். 14-ஆம் தேதி தனி வேலையாக வந்ததால் குறைந்தபட்சக் கட்டணம் போட்டிருக்கிறேன். கையேட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தால் 85.50 மட்டும்தான் ஆகியிருக்கும். அடுத்த முறை சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்தே அனுப்புங்கள் சார், உங்களுக்குத்தான் லாபம். ஸ்டிக்கரில் அப்புறம் நீங்கள் கேட்ட ஒரு வரித் திருத்தத்துக்குக் கட்டணம் இல்லை.

வரிசை 4: கடிதங்கள் கையெழுத்தில், போட்டோவாக வந்தன. மூலத்தை எண்ண வழியில்லாததால் ஆங்கிலப் பிரதியின் சொற்களை எண்ணியிருக்கிறேன். தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பாக வந்தால் தமிழ்ச் சொல்லுக்கு ரூ. 3.00. இரண்டாவது கடிதத்தில் கெப்பாசிட்டர் பற்றிய ஒரு வரி மழை ஈரத்தில் அழிந்திருக்கிறது. அந்த இடத்தை அடைப்புக்குறிக்குள் காட்டியிருக்கிறேன், டீலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி

என் ஆண்டு வருமானம் ரூ. 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு இல்லை. இந்த பில்லில் ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை. இந்த நிதியாண்டில் உங்களுக்கு முன்பு கொடுத்த பில்கள் ரூ. 18,750; இதையும் சேர்த்தால் ரூ. 30,911. பிரிவு 194ஜே-யின் ஆண்டு வரம்பான ரூ. 50,000-ஐத் தாண்டாததால் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை. பின்னால் வரம்பைத் தாண்டி 10% பிடிக்க நேர்ந்தால் சான்றிதழை அனுப்பிவையுங்கள்.

பணம் செலுத்த

நவம்பர் 1-க்குள். 20-ஆம் தேதி தீபாவளி, அதற்கு முன்னால் வந்தால் சந்தோஷம். வங்கிக் கணக்கும் பான் எண்ணும் முந்தைய பில்லில் உள்ளவைதான், எதுவும் மாறவில்லை. கணக்கு மாறிவிட்டதாக என் பெயரில் மெயில் வந்தால் பணம் போடும் முன் எனக்குப் போன் செய்யுங்கள். அனுப்பும்போது குறிப்பில் பில் எண் 14 என்று போடவும்.

தமிழ்ப் பிரதியில் பிழை தென்பட்டால் 30 நாளுக்குள் சொல்லுங்கள், கட்டணமின்றித் திருத்தித் தருவேன். மூலத்தையே மாற்றினால், மாறிய சொற்களுக்கு மட்டும் மேற்சொன்ன விலை.

பூங்கோதை
17.10.2025, திண்டுக்கல்