காப்பர் சல்பேட் நியமக் கரைசலும் தொடர் நீர்த்தலும்

CuSO₄·5H₂O (மோலார் நிறை 249.68 கி/மோல்) 6.250 கி எடுத்தேன். 6.242 கி எடுத்திருந்தால் சரியாக 0.1 M வந்திருக்கும். அதற்காகத் துகள் துகளாகக் குறைக்காமல், தராசு காட்டிய எடையை அப்படியே எழுதிக்கொண்டேன். படிக நீர் போய்விட்டால் கணக்கே மாறும் என்பதால் உப்பை அடுப்பில் உலர்த்தவில்லை.

பீக்கரில் கரைத்து, அலசிய நீரோடு 250 மிலி குடுவையில் ஊற்றி, வாலைவடிநீரால் குறிவரை நிரப்பினேன்.

6.250 ÷ 249.68 = 0.02503 மோல்
0.02503 ÷ 0.250 = 0.1001 M (கரைசல் A)

அப்புறம் A-இல் 25.00 மிலியைப் பிப்பெட்டால் எடுத்து 50 மிலி குடுவையில் குறிவரை நிரப்பினால் B. B-இலிருந்து C, C-இலிருந்து D, இதே முறையில். ஒவ்வொரு முறையும் செறிவு பாதியாகும்:

B 0.0501 M
C 0.0250 M
D 0.0125 M

முதல் தடவை C-இல் நீர் குறியைத் தாண்டிவிட்டது. கூடுதலை உறிஞ்சி எடுத்தால் உப்பும் சேர்ந்து போகும்; எனவே கொட்டிவிட்டு, மீதி B போதாததால் A-இலிருந்து புதிதாக B தயாரித்து, அதிலிருந்து C-ஐ மீண்டும் தயாரித்தேன். D அந்தப் புதிய C-இலிருந்து எடுத்தது. ஒவ்வொரு குடுவையையும் மூடி, இருபது தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே அடுத்ததற்கு எடுத்தேன். பிப்பெட்டை எடுக்கப்போகும் கரைசலாலேயே முதலில் அலசினேன்.