செங்கலடி நிலையத்துக்குப் பால் தரப் பரிசோதனை உதவியாளர் ஒருவர்: ஆளணிக் கோரிக்கை

பெறுநர்: நிதி முகாமையாளர், தலைமை அலுவலகம்
அனுப்புநர்: நிலையப் பொறுப்பாளர், பால் சேகரிப்பு மற்றும் குளிரூட்டல் நிலையம், செங்கலடி
திகதி: 2025.09.08

ஐயா,

எமது நிலையத்துக்குப் பால் தரப் பரிசோதனை உதவியாளர் ஒருவரை நிரந்தர ஆளணியில் சேர்க்க அனுமதி கோருகிறேன். நவம்பர் 1ஆம் திகதிக்குள் அவர் வேலைக்கு வர வேண்டும். வடகீழ்ப் பருவமழைக்குப் பிறகு புல் செழித்துப் பால் கூடும் காலத்தில் புதியவரைப் பழக்க நேரம் கிடைக்காது.

2023 ஜனவரியில் எமக்குப் பால் தந்தவர்கள் 94 பேர், நாளாந்தம் சுமார் 1,150 லீற்றர். கிரான், கரடியனாறு, வவுணதீவுப் பக்கங்களில் புதிய வழித்தடங்கள் தொடங்கிய பிறகு, கடந்த ஓகஸ்டில் 163 பேர், 1,980 லீற்றர். பரிசோதகர் அன்றும் ஒருவர், இன்றும் ஒருவர்தான்.

பால் எடுப்பது காலை 6.00 முதல் 9.30 வரை, அதாவது 210 நிமிடம். ஒருவருடைய பாலை மணம் பார்த்து, பால்மானி விட்டு, 68% அல்ககோலுடன் சம அளவு கலந்து திரிகிறதா என்று பார்த்துப் பதிய இரண்டு நிமிடம் ஆகும். 163 பேருக்கு 326 நிமிடம். ஒருவரால் இது முடியாது. இருவர் இருந்தால் ஆளுக்கு 163 நிமிடம், நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்போது நிறுவை எழுதுநர் தராசை விட்டுவந்து கைகொடுக்கிறார். அந்த நேரத்தில் தராசில் வரிசை நீள்கிறது, வெயிலில் நிற்கும் கேனில் பால் சூடேறுகிறது. வரிசையைக் குறைக்கும் அவசரத்தில் சில கேன்கள் அல்ககோல் சோதனை இல்லாமலே தாங்கிக்குள் போய்விடுகின்றன.

இதன் விலையை நாம் ஏற்கனவே கொடுத்துவிட்டோம். ஏப்ரலில் 640 லீற்றர் தாங்கியிலேயே புளித்தது. ஜூலையில் 1,860 லீற்றருடன் போன பவுசரைத் தொழிற்சாலை திருப்பி அனுப்பியது. லீற்றர் 160 ரூபாய்ப்படி இரண்டுக்கும் சேர்த்து 400,000 ரூபாய் நட்டம். புளித்த ஒரு கேன் முழுத் தாங்கியையும் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு கேனையும் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கொழுப்புச் சோதனையிலும் பின்தங்கியிருக்கிறோம். பண்ணையாளருக்குக் கொடுக்கும் விலை இதன்படிதான் கணிக்கப்படுகிறது. ஒருவருக்கு மாதம் மூன்று சோதனை என்பது எமது விதி, அதன்படி மாதம் 489 சோதனைகள். சுழற்றியில் ஒரு தடவைக்கு எட்டுக் குழாய்கள்தான் வைக்கலாம். அமிலம் விட்டு, சுழற்றி, வெந்நீரில் வைத்து அளவு பார்க்க ஏறக்குறைய 40 நிமிடம். மாதம் 62 தடவை என்றால் 41 மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஓகஸ்டில் எம்மால் முடிந்தது 310 சோதனைகள் மட்டுமே. கொழுப்புக் கணக்கில் நம்பிக்கை இல்லை என்று சொல்லி இந்த வருடம் 11 பேர் எம்மை விட்டுப் போனார்கள். அவர்கள் தந்தது நாளுக்கு 132 லீற்றர். லீற்றருக்கு எமக்கு மிஞ்சும் தொகை உங்களிடம் இருப்பதால் அதை நான் கீழேயுள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

செலவு இப்படி வரும். மாதச் சம்பளம் 52,000, ஊழியர் சேமலாப நிதி 12% 6,240, ஊழியர் நம்பிக்கை நிதி 3% 1,560. மாதம் 59,800, வருடம் 717,600 ரூபாய். பணிக்கொடைக்கான ஒதுக்கு 26,000. அங்கி, பூட்ஸ், அமிலக் கையுறை, கண்ணாடி, ஒரு பால்மானி ஆகியவற்றுக்கு ஒரு தடவை 14,500. முதல் வருடத்துக்கு மொத்தம் 758,100 ரூபாய்.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேலதிக நேரம் மாதம் சராசரியாக 118 மணித்தியாலம், மணிக்கு 350 ரூபாய்ப்படி 41,300 ரூபாய். பரிசோதகர் மட்டும் இதில் 51 மணித்தியாலம் நிற்கிறார். காலை ஐந்தரைக்கு வந்த மனிதர் களைத்த கையோடு பின்னேரம் அமிலம் அளப்பதை என்னால் சரி என்று விட முடியவில்லை. புதியவர் வந்தால் மேலதிக நேரத்தை 30 மணித்தியாலத்துக்குக் கொண்டுவரலாம். அதில் வருடத்துக்கு 369,600 ரூபாய் மிஞ்சும். ஆக, உண்மையில் கூடும் செலவு 388,500 ரூபாய். கெட்டுப்போன பாலுக்கு இந்த வருடம் கொடுத்ததை விட இது குறைவு. இனி ஒரு லீற்றரும் கெடாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மின்தடையும் பவுசர் தாமதமும் இருக்கவே செய்யும். ஆனால் ஜூலையில் நடந்தது சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டிய பால்.

நாட்கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று கேட்பீர்கள். கேன் தூக்க அது சரி. கந்தக அமிலத்தையும் பண்ணையாளரின் விலையையும் வாரத்துக்கு ஒருவர் மாறும் கையில் கொடுக்க முடியாது. தன்னியக்க அளவி கொழுப்புக்கு உதவும், ஆனால் காலை வரிசையில் நிற்க அப்போதும் ஆள் வேண்டும். ஏனைய பிரிவுகளிலிருந்து ஒருவரை மாற்றலாமா என்றும் பார்த்தோம். பவுசர் உதவியாளர் அந்த நேரத்தில் வழித்தடத்தில் இருக்கிறார்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த, ஏறாவூர்ப்பற்றுப் பக்கத்தவர் ஒருவரை எடுத்தால் காலை ஐந்தரைக்கு வருவது சிரமமாக இராது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஜனவரி இறுதியில் மேலதிக நேரப் பதிவேட்டையும் கொழுப்புச் சோதனைப் பதிவேட்டையும் உங்களுக்கு அனுப்புகிறேன். மேலதிக நேரம் 30 மணித்தியாலத்துக்கு இறங்காமலும் மாதம் மூன்று சோதனை நடக்காமலும் இருந்தால், பதவியை நிரந்தரமாக்குவதற்கு முன் மீளாய்வு செய்ய நான் உடன்படுகிறேன்.

ஓகஸ்ட் மாத நிறுவைப் பதிவேடு, மேலதிக நேரத் தாள்கள், ஜூலை நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகள் இத்துடன் உள்ளன. விளம்பரத்துக்கும் நேர்முகத்துக்கும் ஐந்து வாரமாவது தேவை என்பதால், செப்டெம்பர் 22க்குள் உங்கள் முடிவு கிடைத்தால் நவம்பருக்கு ஆள் தயார்.

நன்றி.

நிலையப் பொறுப்பாளர்
செங்கலடி