மணல் கண்ணாடியாகும் கதை: ஒரு நீண்ட விடை

வினா: மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றிலிருந்து கண்ணாடி உற்பத்தி செய்யப்படும் முறையை விளக்குக. சேர்க்கப்படும் பிற பதார்த்தங்கள் கண்ணாடியின் நிறத்தையும் இயல்புகளையும் எவ்வாறு மாற்றுகின்றன?

திருக்கோவிலிலிருந்து கல்முனைக்கு வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை போன கிழமை இந்த வினாவோடு இன்னொன்றையும் கேட்டது: "சேர், எங்கட கடற்கரையில இவ்வளவு மணல் கிடக்குதே, அதில கண்ணாடி செய்ய ஏலாதா?" இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பரீட்சை விடை என்றால் பட்டியல் எழுதிவிட்டுப் போகும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. கண்ணாடியைப் பட்டியலாகப் படித்தால் நினைவில் நிற்காது. முதலில் போட்ட பொருள் கொண்டுவரும் சிக்கலைத் தீர்க்கத்தான் அடுத்த பொருள் வருகிறது. அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டால் விடை தானாக எழுதப்படும்.

மணலில் இருந்து தொடங்குவோம். நமக்கு வேண்டியது சிலிக்கா, அதாவது SiO2. ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நான்கு ஒட்சிசன் அணுக்களோடு நான்முகியாகப் பிணைந்திருக்கும். ஒவ்வோர் ஒட்சிசனும் இரண்டு சிலிக்கன்களுக்கு இடையே பாலமாக நிற்கும். எல்லாத் திசையிலும் கைகோத்த வலைப்பின்னல் அது. அதனால்தான் சிலிக்காவை உருக்க ஏறத்தாழ 1700 °C வேண்டும். உருகிய பிறகும் தேனைவிட மிகக் கெட்டியாக நிற்கும், குமிழிகள் இலகுவில் மேலே வர மாட்டா. தூய சிலிக்காக் கண்ணாடி அருமையான பொருள்தான். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டாலும் வெடிக்காது. ஆனால் சோடாப் போத்தலும் யன்னலும் செய்வதற்கு அவ்வளவு எரிபொருள் செலவழிக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது.

அங்கேதான் சோடா வருகிறது. சோடியம் காபனேற்று ஏறத்தாழ 850 °C இல் உருகி மணலோடு தாக்கமடையும்:

Na2CO3 + SiO2 → Na2SiO3 + CO2

உள்ளே நடப்பது என்னவென்றால், Na2O கொண்டுவரும் ஒட்சிசன் ஒரு Si–O–Si பாலத்தை உடைத்து இரண்டு Si–O⁻ முனைகளாக்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு Na⁺ அயன் வந்து உட்காரும். பாலங்கள் குறையக் குறைய வலை தளர்கிறது, உருகும் வெப்பநிலை இறங்குகிறது, பாகுத்தன்மையும் குறைகிறது. விடையில் "சோடா உருகுநிலையைக் குறைக்கும்" என்று மட்டும் எழுதுகிற பிள்ளைக்குப் பாதிப் புள்ளிதான் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பாலம் உடைவதை எழுதினால்தான் விளக்கியதாகும்.

ஆனால் சோடா ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவருகிறது. மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். சோடியம் சிலிக்கேற்றை நீர்க்கண்ணாடி என்று சொல்வது அதனால்தான். அதில் ஒரு குவளை செய்து தேநீர் ஊற்றினால், குவளை மெல்ல மெல்லத் தேநீரோடு போய்விடும். இதைத் திருத்தத்தான் சுண்ணாம்புக்கல்:

CaCO3 → CaO + CO2
CaO + SiO2 → CaSiO3

Ca²⁺ அயனுக்கு இரட்டை ஏற்றம். உடைந்த இரண்டு முனைகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். Na⁺ போல இலகுவாக அசையாது. அதனால் தண்ணீர் வந்து சோடியத்தைக் களவெடுத்துப் போவது கடினமாகிறது. சரி, அப்படியென்றால் சுண்ணாம்பை அள்ளிப் போடலாமா? கூடாது. அளவு மீறினால் ஆறும்போது பளிங்குகள் உருவாகிக் கண்ணாடி மங்கிப்போகும். சிறிது MgO (டொலமைற்றில் இருந்து), 1 முதல் 2 வீதம் அலுமினா ஆகியவற்றைச் சேர்ப்பதன் காரணங்களில் ஒன்று இந்தப் பளிங்காதலைத் தடுப்பது. அலுமினா நீரையும் இரசாயனங்களையும் தாங்கும் வலிமையையும் கூட்டும்.

வழமையான போத்தல், யன்னல் கண்ணாடியில் SiO2 70 முதல் 74 வீதம், Na2O 12 முதல் 16 வீதம், CaO 5 முதல் 12 வீதம் வரை இருக்கும். கணக்கும் ஒன்று செய்து பார்ப்போம், இது அடிக்கடி கேட்கப்படும். 74 வீதம் SiO2, 16 வீதம் Na2O, 10 வீதம் CaO உள்ள 100 kg கண்ணாடிக்கு எவ்வளவு மூலப்பொருள் வேண்டும்? மணல் 74 kg. சோடா 16 × 106/62, அதாவது 27.4 kg. சுண்ணாம்புக்கல் 10 × 100/56, அதாவது 17.9 kg. கூட்டினால் ஏறத்தாழ 119 kg. மிச்சமான 19 kg, CO2 ஆக உலைப் புகைபோக்கியால் போய்விடும். எரிபொருளின் புகையை விட்டுவிட்டாலும், மூலப்பொருளே இவ்வளவு CO2 விடுகிறது.

இதனால்தான் பழைய உடைந்த கண்ணாடிக்கு மதிப்பு. அதில் காபனேற்று இல்லை, ஏற்கெனவே உருகிய பொருள். கலவையில் சேர்த்தால் வேகமாக உருகி மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பத்து வீதம் கூடச் சேர்த்தால் உலையின் சக்தித் தேவை ஏறத்தாழ 2.5 முதல் 3 வீதம் குறையும். பழைய போத்தல் சேர்ப்பவர்கள் நிறம் பிரித்துக் கட்டுவதற்கும் காரணம் உண்டு, கீழே நிறப் பகுதியில் வரும்.

உற்பத்தி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலப்பொருள்களை நிறுத்து, நன்றாகக் கலந்து, 1500 °C இற்கு மேலான தொட்டி உலையில் இடுவார்கள். வாயுக் குமிழிகள் வெளியேற நேரம் வேண்டும். அதற்கு உதவியாகச் சோடியம் சல்பேற்றும் கரியும் கொஞ்சம் போடுவார்கள்:

Na2SO4 + SiO2 + C → Na2SiO3 + SO2 + CO

பெருகும் வாயு பெரிய குமிழிகளாக எழும்பிச் சின்னக் குமிழிகளையும் கூட்டிக்கொண்டு போகும். பிறகு உருகலை ஏறத்தாழ 1100 °C இற்கு ஆறவிட்டு, கட்டி கட்டியாக வெட்டி அச்சில் விழுத்தி, காற்றால் ஊதிப் போத்தலாக்குவார்கள். தட்டைக் கண்ணாடி என்றால் உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிடுவார்கள். இங்கிலாந்தில் அலஸ்ரயர் பில்கிங்டன் 1950களில் உருவாக்கிய முறை அது. திரவப் பரப்பு தட்டையாக இருப்பதால் அரைத்து மெருகிட வேண்டியதில்லை.

கடைசிப் படி மெல்ல ஆறவிடுதல். ஏறத்தாழ 550 °C இல் கொஞ்ச நேரம் வைத்து, நீண்ட உலைப்பாதையில் மெதுவாகக் குளிரச் செய்வார்கள். வேகமாக ஆறினால் வெளிப்புறம் முதலில் இறுகி உள்ளே தகைப்பு நிற்கும். பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல் அந்தப் போத்தல் உடையும்.

இனி நிறம். உங்கள் வீட்டு யன்னல் கண்ணாடியின் வெட்டிய ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். முகப்பில் பார்க்கத் தெளிவாக இருந்த அதே கண்ணாடி ஓரத்தில் பச்சையாகத் தெரியும். யாரும் சாயம் போடவில்லை. மணலோடு வந்த இரும்பு அது. Fe²⁺ நீலப்பச்சை தரும். Fe³⁺ மென்மையான மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் நாம் காணும் பச்சை. ஓரத்தில் ஒளி நீண்ட தூரம் கண்ணாடிக்குள்ளாக வருவதால் அது வெளித்தெரிகிறது.

இந்த இடத்தில் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்லலாம். திருக்கோவில் கரையில் அலை வடிந்த பிறகு மணலில் கறுப்புக் கீற்றுகள் தெரியுமே, அவை இல்மனைற்று போன்ற பார மணிகள். இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் கொண்ட ஒட்சைட்டு. அந்த மணலை அப்படியே உருக்கினால் கண்ணாடி வரும், ஆனால் இருண்ட நிறத்தில் வரும். நிறமற்ற கண்ணாடிக்கு இரும்பு மிகக் குறைந்த வெண்மணல் வேண்டும். அது இலங்கையில் நாத்தாண்டி, மாரவில பக்கத்திலும், யாழ்ப்பாணத்தில் வல்லிபுரம் பக்கத்திலும் கிடைக்கிறது. கடற்கரை நிறைய மணல் இருப்பது மட்டும் போதாது, மகள்.

கொஞ்சம் இரும்பு தப்பி வந்துவிட்டால் MnO2 சேர்ப்பார்கள். அது Fe²⁺ ஐ ஒட்சியேற்றி Fe³⁺ ஆக்கும், நிறம் பெரிதும் மங்கும். மிச்ச மஞ்சளை Mn³⁺ இன் ஊதா நிரப்பிச் சமப்படுத்தும். செலனியமும் கோபாற்றும் சேர்த்து இதே வேலையைச் செய்வதும் உண்டு. மங்கனீசு போட்ட பழைய போத்தல்கள் பல வருடம் வெயிலில் கிடந்தால் இளஊதாவாக மாறுவதைக் காணலாம். புறஊதாக் கதிர் Mn²⁺ ஐ மறுபடி Mn³⁺ ஆக்கிவிடுகிறது.

வேண்டுமென்றே நிறம் கொடுக்கும்போது தாண்டல் மூலகங்கள்தான் முன்னே நிற்கும். கோபாற்று ஒட்சைட்டு ஆழ்நீலம், 0.1 வீதத்துக்கும் குறைவாகவே போதும். குரோமியம் பச்சை. Cu²⁺ வான்நீலம். இவற்றின் d இலத்திரன்கள் கட்புல ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்ச, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. ஒரே உலோகமும் ஒட்சியேற்ற நிலை மாறினால் வேறு நிறம் தரும். ஆகவே உலைக்குள் காற்று அதிகமா, கரி அதிகமா என்பதும் நிறத்தைத் தீர்மானிக்கும்.

கபிலப் போத்தல் இதற்கு நல்ல உதாரணம். இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த தாழ்த்தும் சூழலில் இரும்பும் சல்பைட்டும் இணைந்து அந்த நிறத்தைத் தரும். ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றைக் கபிலப் போத்தலில் வைப்பது புறஊதாவையும் நீல ஒளியையும் அது மறிப்பதால்தான். நிறமற்ற கண்ணாடி உருக்கும் உலைக்குள் இந்தப் போத்தலின் துண்டுகள் விழுந்தால் முழுத் தொகுதியும் கெடும். நிறம் பிரித்துக் கட்டும் காரணம் இதுதான்.

சிவப்பு வேறு வகை. பொன் அல்லது செம்பு மிகச் சிறிய உலோகத் துணிக்கைகளாகக் கண்ணாடிக்குள் பரவிக் கிடக்கும். முதலில் உருகி ஆறும்போது நிறம் சரியாக வராது. மறுபடி சூடாக்கினால்தான் துணிக்கைகள் வளர்ந்து சிவக்கும். பால்வெள்ளைக் கண்ணாடிக்குக் கல்சியம் புளோரைட்டு போன்றவை சேர்ப்பார்கள். நுண்ணிய பளிங்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியும்.

இயல்புகளை மாற்றுவதில் போரனுக்கே முதலிடம் கொடுப்பேன். போரன் சேர்ந்த கண்ணாடியை ஒட்டோ ஷொட் ஜேர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார். ஏறத்தாழ 80 வீதம் SiO2, 13 வீதம் B2O3 கொண்ட வகையின் நீட்டல் விரிகைத்திறன் 3.3 × 10⁻⁶ K⁻¹. சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 9 × 10⁻⁶ K⁻¹. B2O3 தானே வலையில் சேரும்; சோடியத்தைக் குறைத்தும் உருக்கலாம். நம் பாடசாலை ஆய்வுகூடத்து முகவை சுவாலையில் வெடிக்காமல் நிற்பது இந்த மூன்று மடங்கு வித்தியாசத்தால்தான். வீட்டுத் தேநீர்க் குவளையில் கொதிநீர் ஊற்றும்போது உள்பக்கம் விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்க, அது பிளந்துபோவதை எல்லோரும் கண்டிருப்போம்.

ஈய ஒட்சைட்டு (24 வீதம் அல்லது கூட) முறிவுச் சுட்டியையும் அடர்த்தியையும் கூட்டும். அதனால்தான் அலங்காரக் கண்ணாடி மினுங்குகிறது. கதிர்மறைப்புக் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. உணவுக்கும் பானத்துக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது, அமிலம் ஈயத்தைக் கரைத்தெடுக்கும். கைபேசித் திரை போன்றவற்றில் முறை வேறு. செய்து முடித்த கண்ணாடியை உருகிய KNO3 இல் தோய்த்து, சிறிய Na⁺ இருந்த இடத்தில் பெரிய K⁺ ஐ நெருக்கிப் புகுத்துவார்கள். மேற்பரப்பு அமுக்கப்பட்ட நிலையில் நிற்பதால் கீறல் பரவுவது கடினம்.

கடைசியாக, கண்ணாடி எல்லாவற்றையும் தாங்கும் என்று எழுதிவிடாதீர்கள். HF சிலிக்காவையே கரைக்கும்:

SiO2 + 4HF → SiF4 + 2H2O

NaOH கரைசலை கண்ணாடி மூடி போட்ட போத்தலில் விட்டுப் போனால், சில கிழமை கழித்து மூடி திறக்காது. கழுத்தில் Na2SiO3 உருவாகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இறப்பர் மூடி போடுங்கள்.