ரியூட் 7: ஒரே அடி, பல சொல்
தரம் 10 – தமிழ்மொழி – ஞாயிறு காலை வகுப்பு, கொக்குவில்

போன கிழமைக் கொப்பிகளைத் திருத்தினேன். கண்ட சொல்லிலெல்லாம் ‘ஆன’, ‘ஆக’ ஒட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒருவர் “நடத்தலான பிள்ளை” என்றுகூட எழுதியிருக்கிறார். பெயர் யாரென்று சொல்லமாட்டேன். முதலில் ஒரு சொல்லை வடிவாகப் பார்ப்போம்.

ஆறு (வினை) + தல் = ஆறுதல் – பெயர்
ஆறுதல் + ஆன = ஆறுதலான (வார்த்தை) – பெயரடை
ஆறுதல் + ஆக = ஆறுதலாக (பேசினார்) – வினையடை

அம்மம்மா “ஆறுதலா வா மோனை” என்றால் அங்கே தேற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அவசரப்படாமல் வா என்பதுதான் பொருள். ‘வடிவு’ம் அப்படித்தான். ‘வடிவான சேலை’யில் அழகு இருக்கிறது, ‘வடிவாப் பார்’ என்பதில் கவனம் இருக்கிறது. ஒட்டு மாறினால் சொல்லின் வகை மட்டுமல்ல, சிலவேளை பொருளும் நகர்ந்துவிடும். விகுதியைப் பாடமாக்கினால் மட்டும் போதாது.

பயிற்சி 1
அடைப்பிலுள்ள வினையடியைப் பொருத்தமான பெயராக மாற்றி வாக்கியத்தை முழுமையாக எழுதுக. ‘தல்’ விகுதி சேர்த்துத் தப்ப முடியாது.

1. அவனுடைய (நட) பற்றி அதிபர் பெற்றோரிடம் முறையிட்டார்.
2. தாத்தாவின் (நட) தளர்ந்துவிட்டது. பண்ணைப் பாலம் வரைகூடப் போவதில்லை.
3. நாட்டு (நட) அறியப் பத்திரிகை வாசி.
4. அக்கா பல்கலைக்கழகத்தில் புதிய (கல்) நெறி ஒன்றில் சேர்ந்தாள்.
5. தேத்தண்ணீரின் (சுடு) இன்னும் ஆறவில்லை.
6. புகைத்தல் உடலுக்குக் (கெடு).

பயிற்சி 2
முன்னொட்டுச் சேர்த்து எதிர்ப்பொருள் தருக: நீதி, நியாயம், மானம், சகுனம், ஒழுங்கு.

இதில் ஒரு சொல்லுக்கு முன்னொட்டு வராது. அது எது, அதை எப்படி மறுப்பீர்கள் என்றும் எழுதுக. ‘அழகு’ என்பதில் உள்ள அகரத்தைப் பிரித்து ‘ழகு’ என்று காட்டவேண்டாம். போன வருடம் அதுவும் நடந்தது.

பயிற்சி 3
அடைப்பிலுள்ளவற்றை ஏற்ற வடிவில் மாற்றிப் பந்தியைத் திருப்பி எழுதுக. வேற்றுமை உருபு தேவையானால் சேர்க்கலாம்.

குறிகட்டுவானில் படகின் (புறப்படு) அரை மணி தாமதமானது. ஏறுவோர் (எண்ணு) கூடிவிட்டதால் (நெருக்கு) இருக்கைகளில் ஒட்டி இருந்தோம். நல்லவேளை, கடல் (அமைதி) கிடந்தது. நெடுந்தீவில் இறங்கியதும் பவளக்கல் வேலிகள்தான் முதலில் கண்ணில் பட்டன. பெருக்குமரத்தின் (பரு) பார்த்துத் தம்பி வாய் பிளந்தான். வெளியில் மட்டக்குதிரைகள் (சுதந்திரம்) மேய்ந்தன. எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்த ஐயா காசு வாங்கவில்லை. அவருடைய (விருந்து) அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.

விடைகள் (செய்து முடித்தபின் பாருங்கோ)

பயிற்சி 1: நடத்தை, நடை, நடப்பு, கற்கை, சூடு, கேடு. முதல் மூன்றும் ஒரே அடிதான். ஒழுக்கத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, நிகழ்வுக்கு ஒன்று. நான்காவதில் ‘கல்வி’ என்று போட்டவர்கள், ‘கல்விநெறி’ என்று யாரும் சொல்லிக் கேட்டீர்களா என்று யோசியுங்கோ. கடைசி இரண்டிலும் விகுதியே இல்லை. முதலெழுத்து நீண்டாலே பெயராகிவிடுகிறது: சுடு–சூடு, கெடு–கேடு. இதுதான் முதனிலை திரிந்த தொழிற்பெயர். சோதனையில் விகுதி தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

பயிற்சி 2: அநீதி, அநியாயம், அவமானம், அபசகுனம். ‘ஒழுங்கு’க்குத்தான் முன்னொட்டு இல்லை, ‘ஒழுங்கின்மை’ அல்லது ‘ஒழுங்கற்ற’. அ, அவ, அப எல்லாம் வடமொழிச் சொற்களோடு வந்தவை. தமிழ் பெரும்பாலும் சொல்லின் பின்பக்கத்தில்தான் மறுக்கும்: அறியாமை, வேலையின்மை, பயனற்ற. ‘பொறு’ என்பதிலிருந்து வரும் பொறுமை, பொறாமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. பொறுக்கமாட்டாத நிலை என்பதே எரிச்சலுக்குப் பெயராகிவிட்டது.

பயிற்சி 3: புறப்பாடு, எண்ணிக்கை, நெருக்கமான, அமைதியாக, பருமனை, சுதந்திரமாக, விருந்தோம்பலை. ‘பருமனான’ என்று எழுதினால் புள்ளி இல்லை; ‘மரத்தின்’ என்றபின் பெயர்தான் வரவேண்டும். ‘அமைதியான கிடந்தது’ என்பதும் பிழை. அடை விளக்குவது கடலையல்ல, கிடந்த விதத்தை. இரண்டாவதுக்கு ‘எண்ணம்’ போட்டவர்கள் வாக்கியத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கோ, தானாகத் தெரியும்.

வீட்டுவேலை: புறப்படு–புறப்பாடு போல ‘விடு’ என்பதையும் நீட்டிப் பாருங்கோ. வரும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று உங்களுக்குத் தெரியும், அதற்குள்தான் இருக்கிறீர்கள். மற்றதைத் தேவாரம் தெரிந்த யாரிடமாவது கேட்டு, இரண்டுக்கும் தனித்தனி வாக்கியம் எழுதி வரும் ஞாயிறு கொண்டு வரவும்.