மரியோவுக்கு ஏன் மூன்று லைஃப்?

பழைய மரியோவை ஆடத் தொடங்கினால் மூன்று லைஃப் கிடைக்கும். மூன்றும் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. ஏன் இப்படி ஒரு கணக்கு? வீடியோ கேம் உலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

விடை, காசு. 1970களில் அமெரிக்காவில் வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் கடையில் நிற்கும் ஆளுயரப் பெட்டிதான். 25 சென்ட் நாணயம் போட்டால் ஒரு ஆட்டம். ஒருவரே ஒரு மணி நேரம் நின்று ஆடினால் கடைக்காரருக்கு என்ன லாபம்? ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், ஆனால் தோற்றவர் அடுத்த நாணயத்துக்குச் சட்டைப்பையைத் துழாவவும் வேண்டும். அந்தக் கால ஆர்கேட் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் செய்தவை.

1972ல் அட்டாரி நிறுவனத்தின் ஆலன் ஆல்கார்ன் பாங் ஆட்டத்தைச் செய்தார். இரண்டு மட்டைக் கோடுகள், ஒரு புள்ளிதான் பந்து. கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் அதை வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் ஓடவில்லை என்று அழைப்பு வந்தது. திறந்து பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. காசு நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது.

அதே ஆண்டில் ரால்ஃப் பேயரின் யோசனையில் பிறந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, டிவியில் மாட்டும் பெட்டியாக வீட்டுக்கே வந்துவிட்டது. அதில் சத்தம் கிடையாது, வண்ணமும் கிடையாது. டென்னிஸ் மைதானம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டிவி திரை மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஸ்கோரைக்கூட ஆடுகிறவர்களே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளை நினைத்தாலே எனக்குப் பேயர் மேல் மரியாதை கூடுகிறது. இல்லாததை எல்லாம் கற்பனையால் நிரப்பியிருக்கிறார்கள்.

அப்புறம் 1976ல் ஜெர்ரி லாசன் குழு செய்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப், ஆட்டத்தைப் பெட்டியிலிருந்து பிரித்து, செருகிக் கழற்றும் கேட்ரிட்ஜுக்குள் வைத்தது. பெட்டி ஒன்று, ஆட்டம் பல என்றானது. அடுத்த ஆண்டு வந்த அட்டாரி 2600 இதே வழியில் போய்ப் பெரும் வெற்றி பெற்றது. அதன் நினைவகம் 128 பைட்தான். இன்று தமிழில் ஒரு சின்ன வாக்கியத்தைச் சேமிக்கவே அவ்வளவு தேவை. 1980ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அதற்கு வந்ததும், கடையில் காசு போட்டு ஆடியதை வீட்டில் ஆடவே பலர் அந்தப் பெட்டியை வாங்கினார்கள்.

ஆனால் அவசரமாகச் செய்த மட்டமான ஆட்டங்கள் சந்தையில் குவிந்தன. 1983ல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்காத கேட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அட்டாரி புதைத்தது. 2014ல் தோண்டியபோது அவை உண்மையிலேயே கிடைத்தன.

அதே 1983ல் ஜப்பானில் நின்டெண்டோ ஃபேமிகாம் என்ற வீட்டுக் கேம் பெட்டியை வெளியிட்டது. அதற்குச் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்தது 1985ல், ஆர்கேட் பாணி லைஃப் கணக்கோடு. நம் ஊரில் 90களில் ‘டிவி கேம்’ என்று விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள்தான். கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி, அடியில் ஊதி, மறுபடி செருகுவோம். ஊதியதால் ஓடியதில்லை; கழற்றிச் செருகியதில் பின்கள் சரியாகப் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

என் பார்வையில் உண்மையான திருப்பம் நின்டெண்டோவின் த லெஜண்ட் ஆஃப் செல்டா ஆட்டம். 1987ல் அமெரிக்காவுக்கு வந்த அதன் தங்க நிறக் கேட்ரிட்ஜுக்குள் ஒரு பேட்டரி இருந்தது. விட்ட இடத்தை அது நினைவில் வைத்திருக்கும். வீட்டில் காசு போடுகிறவர் யாரும் இல்லையே, ஆட்டம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும்? நாள்கணக்கில் நீளலாம் என்று அந்தச் சின்ன பேட்டரி காட்டிவிட்டது.

1994ல் சோனியின் பிளேஸ்டேஷன் கேட்ரிட்ஜுக்குப் பதில் குறுந்தகட்டோடு வந்தது. கேட்ரிட்ஜைவிட மலிவு, இடமோ பல மடங்கு. சேமிக்கத் தனி மெமரி கார்டு. 2000ல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடியும் ஓட்டியது; இன்றுவரை அதிகம் விற்ற வீட்டுக் கன்சோல் அதுதான். 2001ல் மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. அடுத்த ஆண்டு இணையத்தில் சேர்ந்து ஆடும் சேவையும் தொடங்கியது. 2006ல் வந்த நின்டெண்டோவின் வீ, ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து ஆட வைத்தது. 2020ன் பிளேஸ்டேஷன் 5ல் நினைவகம் 16 ஜிபி.

சரி, மரியோவின் லைஃப்? 2017ல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்த சூப்பர் மரியோ ஒடிசியில் லைஃப் கணக்கே இல்லை. விழுந்தால் ஆட்டத்துக்குள் சேர்த்த நாணயங்களில் பத்து குறையும். ஆட்டம் தொடரும்.